பேஸ்மென்ட் ஒரு படகு: பம்ப்பை எப்போ நிறுத்தலாம்?

சிவில் டிபார்ட்மென்ட்ல சேர்ந்த நாளிலிருந்து நமக்குச் சொல்லித் தர்ற பயம் ஒண்ணே ஒண்ணுதான்: கட்டடம் கீழே இறங்கிடுமோ. மண்ணோட தாங்குதிறன், செட்டில்மென்ட், பைலோட எண்ட் பேரிங் எல்லாமே கீழ்நோக்கிய கணக்கு. ஆனா கட்டடம் மேலேயும் எழும்பும். ஜெர்மனியில பான் நகரத்துல 1993 டிசம்பர்ல ரைன் ஆத்துல வெள்ளம் வந்தப்போ, கட்டிட்டு இருந்த ஒரு பெரிய அரசு அலுவலகக் கட்டடத்தோட பகுதிகள் அப்படியே மேலே தூக்கப்பட்டுச்சு. ஷூர்மான் கட்டடம்னு அதுக்குப் பேர். சில இடத்துல சுமார் 70 சென்டிமீட்டர் வரைக்கும் எழும்பினதா பதிவாகியிருக்கு. பேஸ்மென்ட்டைச் சுத்தி நின்ன தடுப்புச் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளியில வெள்ளம் இறங்கினதுதான் காரணம். கான்கிரீட் கனமான பொருள்தான், ஆனா உள்ளே காத்து நிறைஞ்ச கான்கிரீட் பெட்டி அவ்வளவு கனம் இல்லை.

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் போவோம். கிலோநியூட்டனுக்குப் பதிலா டன்ல போடுறேன். சைட்ல அப்படித்தான் பேசுவாங்க, தண்ணிக் கணக்கும் மனசுலயே போடலாம். ஒரு கன மீட்டர் தண்ணி 1 டன், ஒரு கன மீட்டர் ஆர்.சி.சி. 2.5 டன்.

நம்ம பெட்டி 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சென்னையில ஒரு அபார்ட்மென்ட் டவருக்குப் பக்கத்துல, இரண்டு அடுக்கு கார் பார்க்கிங்னு வெச்சுக்கோங்க. மேலே டவர் கிடையாது, வெறும் திறந்த முற்றம். டவருக்கும் இதுக்கும் நடுவுல எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் இருக்கறதால டவரோட எடை இதுக்கு உதவாது. ராஃப்ட்டோட அடிப்பக்கம் தரையிலிருந்து 7 மீட்டர் ஆழத்துல இருக்கு. ராஃப்ட் கனம் 80 சென்டிமீட்டர், அதோட எடை 1,200 டன். சுத்துச் சுவர் 30 சென்டிமீட்டர் கனம், அது 460 டன். நடு ஸ்லாப், மேல் ஸ்லாப், தூண்கள், பீம்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 840 டன். ஆக மொத்தம் 2,500 டன்.

இப்போ தண்ணி. ராஃப்ட்டோட பரப்பு 600 சதுர மீட்டர். ராஃப்ட் அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்துக்கு வெளியில தண்ணி நிக்குதோ, அதை 600-ஆல பெருக்கினா மேல்நோக்கித் தள்ளும் விசை டன்ல கிடைக்கும். ஆர்க்கிமிடீஸ்தான், வேற ஒண்ணும் இல்லை.

மண் பரிசோதனை மே மாசத்துல நடந்துச்சு, போர்ஹோல்ல தண்ணி 4.5 மீட்டர் ஆழத்துல கிடைச்சதுன்னு ரிப்போர்ட்ல இருக்குன்னு வைங்க. அப்போ ராஃப்ட் அடிக்கு மேல தண்ணி 2.5 மீட்டர்தான். தள்ளும் விசை 1,500 டன். பெட்டியோட எடை 2,500. வகுத்தா பேக்டர் ஆஃப் சேஃப்டி 1.67. வழக்கமா கேக்கறது 1.2. பாஸ் ஆயிடுச்சுன்னு டிக் போட்டுட்டுப் போயிடலாம்.

அதே பெட்டி, நவம்பர் மாசம். வடகிழக்குப் பருவமழையில தண்ணி தரைமட்டத்துக்கே வந்துடுச்சு. இப்போ 7 மீட்டர் தண்ணி, 4,200 டன் விசை. பேக்டர் 0.60. ஒரு கிலோ கான்கிரீட் கூடக் குறையலை, மாசம்தான் மாறியிருக்கு. அதனால ஃப்ளோட்டேஷன் செக்ல முதல் கேள்வி எடை எவ்வளவுங்கறது இல்லை, எந்த நீர்மட்டத்துக்கு டிசைன் பண்றோம்ங்கறதுதான். போர்லாக்ல இருக்கற நீர்மட்டம் அந்த ஒரு நாளோட மட்டம். கட்டடத்தோட ஆயுசுல வரக்கூடிய உச்ச மட்டம்தான் டிசைனுக்கு வேணும். 2015 டிசம்பரைப் பாத்த ஊர்ல தரைமட்டம்னு எடுக்கறதை யாரும் ஓவர்னு சொல்ல முடியாது.

என்னைக் கேட்டா பேக்டர் ஆஃப் சேஃப்டியை விட உபயோகமான எண் ஒண்ணு இருக்கு. படகு எவ்வளவு ஆழம் தண்ணியில அமிழ்ந்து மிதக்கும்னு கேப்போம் இல்லையா, அதே கேள்வியை பேஸ்மென்ட்டுக்கும் கேளுங்க. எடையை டன்ல எடுத்து பரப்பால வகுத்தா போதும். நம்ம பெட்டிக்கு 2,500-ஐ 600-ஆல வகுத்தா 4.17 மீட்டர். அதாவது ராஃப்ட் அடியிலிருந்து 4.17 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி வந்தா பெட்டி மிதக்கத் தயார். 1.2 சேஃப்டி வேணும்னா அதை 1.2-ஆல வகுத்து 3.5 மீட்டரோட நிறுத்தணும். இந்த எண்ணை யாருக்கு வேணும்னாலும் சொல்லிப் புரிய வைக்கலாம். சைட்ல ஒரு கண்காணிப்புக் கிணத்துக்குள்ள டேப்பை விட்டுப் பாக்கறவருக்கு "0.60"னு சொன்னா ஒண்ணும் புரியாது. "தண்ணி தரையிலிருந்து மூணரை மீட்டருக்கு மேல ஏறக் கூடாது"ன்னா உடனே புரியும்.

இந்த எண் கட்டுமானத்தோட ஒவ்வொரு கட்டத்துலயும் மாறும். இதைத்தான் டிராயிங்ல யாரும் எழுத மாட்டேங்கறாங்க. ராஃப்ட் மட்டும் போட்டு முடிச்சப்போ எடை 1,200 டன், அமிழும் ஆழம் 2 மீட்டர்தான். 1.2-ஆல வகுத்தா 1.67 மீட்டர். அதாவது அந்தச் சமயத்துல தண்ணியைத் தரையிலிருந்து 5.3 மீட்டருக்குக் கீழேயே பிடிச்சு வெச்சிருக்கணும். சுவரும் எழுந்தா எடை 1,660 டன். ஆனா சுவர் வந்த உடனே பக்கத்துல மண் நிரப்ப ஆரம்பிப்பாங்க, வெல்பாயின்ட்டைக் கழட்டி அடுத்த சைட்டுக்கு அனுப்பலாமான்னு கான்ட்ராக்டர் கேப்பார். அந்த நேரத்துல அனுமதிக்கற மட்டம் தரையிலிருந்து 4.7 மீட்டர். மே மாசத்துல தண்ணியே 4.5-லதான் நின்னுச்சு! ஆக வெயில் காலத்துல கூட பம்ப்பை நிறுத்த முடியாது. மேல் ஸ்லாப் போட்ட பிறகும் இந்தப் பெட்டிக்கு மழைக்காலத்துல பம்ப் வேணும், ஏன்னா இது தன் எடையில நிக்கற பெட்டியே இல்லை.

அப்போ ராத்திரி கரண்ட் போனா? டீசல் ஜெனரேட்டர் ஸ்டேண்ட்பை இருக்கணும்ங்கறது ஒண்ணு. இன்னொண்ணு, ராஃப்ட்லயே சில இடத்துல பைப் ஸ்லீவ் வெச்சு ஓட்டை விட்டு வைப்பாங்க. பம்ப் நின்னு தண்ணி ஏறினா, அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ளே வந்துடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம்னா தள்ளும் விசை கிட்டத்தட்ட சமன் ஆயிடும். பேஸ்மென்ட் நனையும், அவ்ளோதான். நனைஞ்சதைக் காய வைக்கலாம், எழும்பினதை இறக்க முடியாது. கடைசியில எடை போதுமான அளவு வந்த பிறகு, இல்லைன்னா பைல் எல்லாம் இணைஞ்ச பிறகு, அந்த ஓட்டைகளை அடைப்பாங்க. யார் கையெழுத்துப் போட்டா அடைக்கலாம்னு டிராயிங்லயே எழுதணும்.

இங்கே ஒருத்தர் கண்டிப்பா கேப்பார்: "நம்ம சைட்ல களிமண்தான், தண்ணியே ஊறாதே?" இதுதான் ரொம்ப ஆபத்தான ஆறுதல். பேஸ்மென்ட் கட்ட அதை விடப் பெரிய குழி தோண்டறோம். சுவருக்கும் குழியோட ஓரத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை, தோண்டின மண்ணையும் கட்டட இடிபாட்டையும் போட்டு நிரப்பறோம். அந்த நிரப்பு மண் லூசா இருக்கும். மழைத்தண்ணி தரை மேலேருந்து நேரா அந்த வழியா கீழே இறங்கி ராஃப்ட் அடிக்குப் போயிடும். களிமண்ணா இருந்தா இறங்கின தண்ணி வெளியே போகவும் வழி இல்லை. நீங்களே ஒரு தொட்டி செஞ்சு அதுக்குள்ள பேஸ்மென்ட்டை வெச்ச மாதிரி. பான்ல நடந்ததும் இந்த ஜாதிதான். ராஃப்ட்டைத் தூக்க பெரிய அளவு தண்ணி தேவையே இல்லை. ராஃப்ட் அடியில காகிதம் கனத்துக்கு ஒரு தண்ணிப் படலம் இருந்து, அது சுவரோரமா நிக்கற 7 மீட்டர் தண்ணியோட தொடர்புல இருந்தாலே முழு அழுத்தமும் வந்துடும்.

சுவரைச் சுத்தி மண்ணோட உராய்வு பிடிச்சுக்காதான்னும் கேக்கலாம். பிடிக்கும், கொஞ்சம். ஆனா அந்த லூஸ் மண்ணை நம்பி, மேலே வழுக்கற மாதிரி வாட்டர்ப்ரூஃபிங் ஷீட் ஒட்டின சுவரை நம்பி எண் எழுத எனக்கு மனசு வராது. பெரும்பாலான டிசைனர்களும் அதைக் கணக்குல சேர்க்கறதில்லை.

சரி, பற்றாக்குறை எவ்வளவு? 4,200-ஐ 1.2-ஆல பெருக்கினா 5,040. கையில இருக்கறது 2,500. இன்னும் 2,540 டன் வேணும்.

முதல்ல தோணறது எடையைக் கூட்டறது. ராஃப்ட்டைக் கனமாக்கிடலாமே? 2,540-ஐ 2.5-ஆல வகுத்தா 1,016 கன மீட்டர், 600 சதுர மீட்டர்ல பரப்பினா 1.7 மீட்டர். பெருசுதான், ஆனா முடியாததுன்னு இல்லைன்னு தோணும். இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. பார்க்கிங்கோட உயரத்தைக் குறைக்க முடியாது, அதனால ராஃப்ட் கீழ்நோக்கித்தான் தடிக்கணும். அப்போ இன்னும் ஆழமா தோண்டறோம், இன்னும் அதிகத் தண்ணியை ஒதுக்கறோம். ஒவ்வொரு கன மீட்டர் கான்கிரீட்டும் 2.5 டன் எடையைக் கொண்டு வந்து, கூடவே 1 டன் மிதப்பு விசையையும் கொண்டு வருது. 1.2-ஐயும் சேர்த்தா நிஜமான லாபம் 1.3 டன்தான். திரும்ப வகுங்க: 2,540-ஐ 1.3-ஆல வகுத்தா 1,954 கன மீட்டர், 3.26 மீட்டர் கனம். ஏற்கனவே இருக்கற 80 சென்டிமீட்டரோட சேர்த்து நாலு மீட்டர் கான்கிரீட் ராஃப்ட். அணைக்கட்டுக்குப் போடலாம்.

அதுக்காக எடை கூட்டற வழியே வேஸ்ட்னு நினைக்காதீங்க. நம்ம ராஃப்ட்ல ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் கூடுதல் கனமும் 78 டன் லாபம் தரும். பற்றாக்குறை 200 டன்னா இருந்தா 26 சென்டிமீட்டர்ல வேலை முடிஞ்சுடும், வேற எந்த மெஷினும் சைட்டுக்கு வர வேண்டாம். சின்னப் பற்றாக்குறைக்கு எடைதான் எளிய வழி.

இன்னொரு அழகான வழி ராஃப்ட்டைச் சுவருக்கு வெளியே நீட்டி விடறது. நாலு பக்கமும் 1 மீட்டர் நீட்டினா 104 சதுர மீட்டர் கூடுதலா கிடைக்கும். அதுக்கு மேல நிக்கற 6.2 மீட்டர் மண் ராஃப்ட்டைக் கீழே அழுத்திப் பிடிக்கும். தண்ணிக்குள்ள இருக்கற மண்ணோட நிகர எடை கன மீட்டருக்கு சுமார் 0.9 டன்னு எடுத்தா, நீட்டின கான்கிரீட்டோட நிகர எடையும் சேர்த்து சுமார் 700 டன் வரும். கான்கிரீட் கொஞ்சம், பலன் ஜாஸ்தி. ஆனா சுத்தி ஒரு மீட்டர் இடம் வேணும், தோண்ட அதை விடக் கூட வேணும். காம்பவுண்ட் சுவர் வரைக்கும் பேஸ்மென்ட் இழுக்கற நம்ம ஊர்ல அந்த ஒரு மீட்டரைக் கொடுக்க ஓனருக்கு மனசு வராது. கொடுத்தாலும் இன்னும் 1,840 டன் பாக்கி நிக்குது.

அதனாலதான் டென்ஷன் பைல். நாம படிச்ச பைல் எடையை மண்ணுக்குள்ள கடத்தும். இது தலைகீழ், ராஃப்ட்டை மண்ணோட கட்டிப் போடற கயிறு. எண்ட் பேரிங் பூஜ்யம், நுனி எந்தப் பாறையில உக்காந்திருந்தாலும் இழுக்கறதுக்கு அது உதவாது. பக்க உராய்வும் பைலோட சொந்த எடையும்தான் கணக்கு.

600 மில்லிமீட்டர் விட்டம், 12 மீட்டர் நீளம்னு ஒரு போர்ட் பைல் எடுப்போம். பக்கப் பரப்பு 22.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்குச் சராசரியா 4 டன் உராய்வுன்னு மண் ரிப்போர்ட் சொல்லுதுன்னா 90 டன். தண்ணிக்குள்ள பைலோட எடை 5 டன். மொத்தம் சுமார் 95. இதை எத்தனையால வகுக்கறது? இங்கதான் ஐஎஸ் 2911 ஒரு சுவாரசியமான பேரம் வெக்குது. இழுப்புச் சோதனை எதுவும் பண்ணலைன்னா 3-ஆல வகு, சோதனை பண்ணியிருந்தா 2-ஆல வகு. சோதனை இல்லாம பைலுக்கு 32 டன், 80 பைல் வேணும். சோதனையோட 48 டன், 53 பைல் போதும், கட்டத்துக்கு ஏத்த மாதிரி 9-க்கு 6-னு 54 போட்டுடலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் 26 பைல். ஒரு பைலை ஜாக் வெச்சு மேலே இழுத்துப் பாக்கறதுக்கு ஆகற செலவு இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. சோதனையை அவாய்ட் பண்ணி மிச்சம் பிடிக்கறேன்னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க.

(ஏற்கனவே விசையை 1.2-ஆல பெருக்கிட்டு, மறுபடி பைல்லயும் 2 போடறது டபுள் இல்லையான்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. யூரோகோட் இதை வேற மாதிரி பிரிக்குது: தண்ணி விசையை அப்படியே எடுத்துக்கிட்டு, நிலையான எடையை 0.9-ஆல குறைச்சு, பைலுக்குத் தனியா ஒரு பேக்டர் வெக்குது. எந்த முறைன்னாலும் பாதி இதுலயும் பாதி அதுலயும் எடுக்காம இருந்தா சரி.)

ஒரு பைல் 48 டன் தாங்குது, 54 பைல் 54 மடங்கு தாங்கும்னு உடனே எழுதிடக் கூடாது. பைல்கள் நெருக்கமா இருந்தா, மண்ணை விட்டு வழுக்கறதுக்குப் பதிலா நடுவுல இருக்கற மண்ணையும் சேர்த்தே தூக்கிட்டு வந்துடும். அதனால ஒரு பைலுக்குச் சொந்தமான மண் கட்டியோட எடையைப் பாக்கணும். நம்ம பைல்கள் 3.33 மீட்டர் இடைவெளியில இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் 11.1 சதுர மீட்டர், 12 மீட்டர் ஆழம், கன மீட்டருக்கு 0.9 டன். 120 டன் வருது. 48-க்கு இது தாராளம். ஆனா பைலைக் குட்டையாக்கி எண்ணிக்கையைக் கூட்டினா இந்த எண் வேகமா சரியும்.

அப்புறம் கம்பி. எடை தாங்கற பைல்ல கம்பிக் கூட்டைப் பாதி ஆழத்தோட நிறுத்தறது நிறைய இடத்துல நடக்கறது. டென்ஷன் பைல்ல அது கூடாது, இழுவிசையைக் கான்கிரீட் தாங்காது, கம்பி மட்டும்தான். 48 டன்னுக்குப் பலத்தைப் பொறுத்த வரை 20 மில்லிமீட்டர் கம்பி ஆறு போதும். ஆனா எப்பவும் தண்ணிக்குள்ள இழுபட்டுக்கிட்டே இருக்கப் போற பைல் அது. கீறல் அகலத்தைக் கட்டுப்படுத்த எட்டு போடறது நல்லது. அந்தக் கம்பி ராஃப்ட்டுக்குள்ள முழு ஆங்கரேஜ் நீளம் போகணும். பைல் தலையை உடைக்கும்போது கம்பியையும் சேர்த்து வெட்டி விட்டா, பைல் அங்கேயே இருக்கும், ராஃப்ட் மட்டும் தனியா மிதக்கும்.

ராஃப்ட்டும் இப்போ வேற மாதிரி வேலை செய்யுது. தண்ணி கீழேருந்து சதுர மீட்டருக்கு 7 டன் தள்ளுது, ராஃப்ட்டோட எடை 2 டன், மிச்சம் 5 டன் மேல்நோக்கி. பைலுக்கும் பைலுக்கும் நடுவுல ராஃப்ட் மேல்பக்கமா வளையும். அதனால நடுவுல மேல் கம்பி முக்கியம், பைல் தலைக்கு மேல கீழ்க் கம்பி முக்கியம். சாதாரண ஸ்லாப்பை நினைச்சுக்கிட்டுப் போட்டா தலைகீழாயிடும். இன்னொரு தொல்லை, வாட்டர்ப்ரூஃபிங் ஷீட்டை 54 இடத்துல பைல் துளைச்சுக்கிட்டு வருது. பின்னாடி கசிவுன்னு வந்தா முதல்ல தேட வேண்டிய இடம் அந்தப் பைல் தலைகள்.

ஒரு பேஸ்மென்ட் எழும்ப ஆரம்பிச்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கண்ணுக்கு முதல்ல தெரியாது, லெவல் கருவிக்குத்தான் தெரியும். ராஃப்ட்டோட நாலு மூலையிலயும் நடுவுலயும் லெவல் பின் பதிச்சு, மழைக்காலத்துல தினமும் ரீடிங் எடுத்தா சில மில்லிமீட்டர்லயே மாட்டிக்கும். பெட்டி எப்பவும் சமமா எழும்பாது, எடை குறைஞ்ச மூலைதான் முதல்ல தூக்கும். ராம்ப் இருக்கற பக்கம், ஸ்லாப் இன்னும் போடாத பக்கம் மாதிரி. டவரோட சேர்ற ஜாயின்ட்ல படி விழும், தூணும் பீமும் சேர்ற இடத்துல சாய்வா கீறல் வரும், ராஃப்ட் ஜாயின்ட்ல தண்ணி கொப்பளிக்கும். அந்த நிமிஷம் செய்ய வேண்டியது பேஸ்மென்ட்டுக்குள்ள தண்ணியை விடறது. தயங்கினா, எழும்பின இடைவெளியில மணலும் சேறும் புகுந்துடும். அப்புறம் தண்ணி வடிஞ்சாலும் பெட்டி பழைய இடத்துக்கு வராது.

இதே காரணத்துக்காக, வெள்ளத்துல மூழ்கின பேஸ்மென்ட்டை மறுநாளே பம்ப் வெச்சு முழுசா இறைக்கறதும் ஆபத்து. பைல் இல்லாத நம்ம பெட்டியையே எடுத்துக்கோங்க. தெருவுல தண்ணி வடிஞ்சுடுச்சு, ஆனா மண்ணுக்குள்ள தரையிலிருந்து 1 மீட்டர் கீழே தண்ணி நிக்குது. தள்ளும் விசை 3,600 டன், 1.2 சேஃப்டிக்கு 4,320 வேணும். பெட்டி 2,500 போக மீதி 1,820 டன்னை உள்ளே நிக்கற தண்ணிதான் தரணும். உள்பரப்பு 570 சதுர மீட்டர், அப்போ 3.2 மீட்டர் தண்ணி உள்ளேயே இருக்கணும். வெளியே கிணத்துல மட்டம் ஒரு மீட்டர் இறங்கினா உள்ளேயும் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறைக்கலாம். அதுக்கு மேல வேண்டாம், மூழ்கின கார் இன்னும் ரெண்டு நாள் உள்ளேயே இருக்கட்டும்.